உளியும் நாள்கணக்கும்

திருவிடந்தையிலிருந்து கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் மாமல்லபுரத்தின் உளியோசை கேட்கும். புவிசார் குறியீடு பெற்ற இவ்வூர்க் கற்சிற்பங்கள் பல, விலை பேசிய பின்னரே செதுக்கப்படுகின்றன. ஆகவே, விலையைப் போலவே நாளையும் முன்னரே உரைத்தல் வேண்டும்.

கோயில் ஒன்றிற்கு மூன்றடி விநாயகர் சிலை வேண்டும் எனக் கொள்வோம். கோடிட்டுச் செதுக்கி மெருகேற்ற 30 நாள் ஆகும். முன்பே ஏற்ற சிலையை முடிக்க 10 நாள், பொதிந்து அனுப்ப 5 நாள் தேவை. செதுக்கத் தொடங்கியபின் கல்லில் மறைந்திருந்த விரிசல் வெளிப்பட்டால், வேறு கல்லில் தொடங்க 15 நாள் ஒதுக்க வேண்டும். ஆக மொத்தம் 60 நாள்.

சிற்பி தம் கைவேலையை மட்டும் எண்ணி ‘30 நாள்’ என்றால், குடமுழுக்கு நாள் கடந்துவிடும். வாங்குவோர் வேண்டாம் என்பர். ஒருவர் கேட்ட அளவில் செதுக்கிய சிலையைப் பிறர் வாங்குதல் அரிது. எனவே, ‘முன்பணம் பெற்ற நாள்முதல் 60 நாளில் அனுப்பப்படும்’ என ஒப்பந்தச் சீட்டில் எழுதுதல் வேண்டும். விரிசல் இறுதிக்கட்டத்தில் தோன்றினால் இக்கணக்கும் போதாது. அதனை அன்றே தெரிவித்துப் புதிய நாளைக் குறிப்பதே முறை.