மூழ்கிக் கிடந்த ஆண்டுகள் எத்தனை?

ஒருவர் உங்களிடம் ஒரு முதலீட்டு வழிமுறையை விற்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய விலைகளைக் கொண்டு அதைச் சோதித்துப் பார்த்ததாகச் சொல்கிறார். சந்தை வழக்கில் இதற்கு பேக்டெஸ்ட் என்று பெயர். முடிவு ஒரே வரியில் இருக்கிறது: "2003 கடைசியில் போட்ட 1 லட்சம் ரூபாய், 2013 கடைசியில் 3 லட்சத்து 63 ஆயிரம். ஆண்டுக்குச் சராசரி 13.7 சதவீதம்."

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்கிலும் பிழை இல்லை. உண்மையில் இது எந்த ரகசிய வழிமுறையும் அல்ல, மும்பைப் பங்குச் சந்தையின் சென்செக்ஸ்தான். "வாங்கிப் போட்டுவிட்டுச் சும்மா இரு" என்பதுதான் இதன் முழு விதியும். 2003 கடைசி வர்த்தக நாளில் சென்செக்ஸ் 5,839. 2013 கடைசி நாளில் 21,171. வகுத்துப் பார்த்தால் 3.63 மடங்கு.

இப்போது அந்தப் பத்து ஆண்டுகளின் இறுதிப் புள்ளிகளையும் வரிசையாக எழுதிப் பார்ப்போம். 2004இல் 6,603. 2005இல் 9,398. 2006இல் 13,787. 2007இல் 20,287. பிறகு 2008இல் 9,647. 2009இல் 17,465. 2010இல் 20,509. 2011இல் 15,455. 2012இல் 19,427. 2013இல் 21,171.

2007ஆம் ஆண்டோடு நிறுத்திப் பாருங்கள். நான்கே ஆண்டுகளில் உங்கள் 1 லட்சம் 3 லட்சத்து 47 ஆயிரம் ஆகிவிட்டது. அடுத்த ஆறு ஆண்டுகளில் அது 3 லட்சத்து 63 ஆயிரத்தை எட்டியது. அந்த ஆறு ஆண்டுக்கும் சேர்த்து வளர்ச்சி நாலரை சதவீதம்கூட இல்லை. "ஆண்டுக்கு 13.7" என்ற எண் முதல் நான்கு ஆண்டுகளின் ஓட்டத்தைப் பத்து ஆண்டுக்கும் சமமாகப் பரப்பிக் காட்டுகிறது. பின்னால் வந்த ஆறு ஆண்டுகள் அதற்குள் மறைந்துவிடுகின்றன.

அந்த ஆறு ஆண்டுகளைக் கண்முன் நிறுத்துவதற்கென்றே ஒரு படம் இருக்கிறது. அண்டர்வாட்டர் சார்ட் என்பார்கள்.

நீர்மட்டமும் ஆழமும்

இதை வரையப் பெரிய கணிதம் வேண்டாம். ஒவ்வொரு நாளும் ஒரே ஒரு கேள்வி: இதுவரை தொட்ட உச்சத்திலிருந்து இன்று எத்தனை சதவீதம் கீழே இருக்கிறோம்? புதிய உச்சம் தொட்ட நாளில் விடை பூஜ்யம். அதுதான் நீர்மட்டம். மற்ற நாட்களில் விடை எப்போதும் கழித்தல் எண்ணாகவே இருக்கும், அதாவது தண்ணீருக்குள் இருக்கிறோம். சாதாரண மதிப்புக் கோடு மேலே ஏறி நம்மை மயக்கும். இந்தக் கோடு நீர்மட்டத்துக்கு மேலே போகவே முடியாது. எவ்வளவு ஆழம் போனோம், எத்தனை நாள் உள்ளே கிடந்தோம் என்ற இரண்டை மட்டுமே இது காட்டும்.

எக்ஸல் தாளில் A நெடுவரிசையில் தேதியையும் B நெடுவரிசையில் அன்றைய மதிப்பையும் இரண்டாம் வரியிலிருந்து இடுங்கள். C2வில் ஆழத்துக்கான சூத்திரம்:

```
=B2/MAX(B$2:B2)-1
```

D நெடுவரிசையில் தண்ணீருக்குள் கழிந்த வர்த்தக நாட்களை எண்ணலாம். D2வில் 0 என்று எழுதி, D3இல் இதை இட வேண்டும்:

```
=IF(C3=0,0,D2+1)
```

இரண்டையும் கடைசி வரி வரை இழுத்துவிட்டு, C நெடுவரிசையை வரைபடமாக்கினால் வேலை முடிந்தது. D நெடுவரிசையின் மிகப் பெரிய எண்தான் மிக நீண்ட மீட்சிக் காலம், உச்சத்தை இழந்த நாளிலிருந்து அதை மறுபடி எட்டும்வரை.

சென்செக்ஸின் தினசரி எண்களை இதில் போட்டால், 2008 ஜனவரி 8 அன்று 20,873 என்ற உச்சத்திலிருந்து கோடு உள்ளே இறங்கத் தொடங்கும். அடியைத் தொட்ட நாள் 2009 மார்ச் 9. அன்று சென்செக்ஸ் 8,160. ஆழம் 61 சதவீதம்.

இங்கே ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். ஆண்டு இறுதிப் புள்ளிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் ஆழம் 52 சதவீதம்தான் வருகிறது. சந்தை அடியைத் தொட்டது மார்ச்சில் என்பதால், டிசம்பர் கணக்கு அதைப் பார்க்கவே இல்லை. ஆகவே மாத இறுதி அல்லது ஆண்டு இறுதி எண்களைக் கொண்டு வரைந்த படத்தை யாராவது காட்டினால், உண்மையான ஆழம் அதைவிட அதிகமாக இருக்கக்கூடும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் கணக்கும் ஏறும் கணக்கும்

61 சதவீதம் இறங்கியதை ஈடுகட்ட 61 சதவீதம் ஏறினால் போதாது. 100 ரூபாய் 39 ஆகிவிட்டால், அந்த 39 மறுபடி 100 ஆக வேண்டும். அதற்கு 156 சதவீதம் ஏற்றம் தேவை. 10 சதவீத இறக்கத்துக்கு 11 சதவீத ஏற்றம் போதும். 50 சதவீத இறக்கத்துக்கோ 100 சதவீதம் வேண்டும். ஆழம் கூடக் கூட ஏற வேண்டிய தூரம் அதைவிட வேகமாகக் கூடுகிறது. மீட்சிக் காலம் நீள்வதற்கு முதல் காரணம் இதுதான்.

சென்செக்ஸ் அடியைத் தொட 14 மாதம் ஆனது. அங்கிருந்து பழைய உச்சத்தை எட்ட மேலும் 20 மாதம். 2010 நவம்பர் முதல் வாரத்தில், தீபாவளியை ஒட்டி, தலை வெளியே வந்தது. நவம்பர் 5ஆம் தேதி தீபாவளி முகூர்த்த வர்த்தகத்தில் சென்செக்ஸ் 21,005இல் முடிந்தது. ஆக, மொத்த மீட்சிக் காலம் 2 ஆண்டு 10 மாதம்.

எந்த மென்பொருளும் இந்த எண்ணைத்தான் சொல்லும். ஆனால் படத்தைக் கண்ணால் பார்த்தவர் வேறொன்றைச் சொல்வார். 21,005 என்பது பழைய உச்சத்தைவிட ஒரு சதவீதம்கூட அதிகம் இல்லை. ஒரு மூச்சு இழுத்ததும் கோடு மறுபடி உள்ளே போய்விட்டது. 2011 டிசம்பர் 20 அன்று சென்செக்ஸ் 15,175. ஆழம் 28 சதவீதம். அடுத்த புதிய உச்சம் 2013 அக்டோபர் 30 அன்று, 21,034 புள்ளிகளில்தான் வந்தது.

கணக்குப்படி இவை இரண்டு தனித்தனி முழுக்குகள். ஒன்று 2 ஆண்டு 10 மாதம், மற்றது ஏறத்தாழ 3 ஆண்டு. அறிக்கையில் "மிக நீண்ட மீட்சிக் காலம்: சுமார் 3 ஆண்டு" என்று அச்சாகும். பணம் போட்டவர் வாழ்ந்ததோ கிட்டத்தட்ட ஆறு ஆண்டு. 2008 ஜனவரியில் வாங்கியவருக்கு இடையில் கிடைத்தது ஒரு தீபாவளி வார மகிழ்ச்சி மட்டுமே. அதனால்தான் மீட்சிக் காலத்தையும் ஒற்றை எண்ணாக மட்டும் வாங்கிக்கொள்ளக் கூடாது. அடுத்தடுத்த இரண்டு பள்ளங்களுக்கு இடையில் கோடு நீர்மட்டத்தை வெறும் ஊசிமுனையாகத் தொட்டிருந்தால், இரண்டையும் ஒரே பள்ளமாகப் படிப்பதே நேர்மை.

இடையில் பணம் தேவைப்பட்டால்

குறியீட்டு எண் கரையேறியது என்றால் அதில் பணம் போட்டிருந்த எல்லோரும் கரையேறினார்கள் என்று பொருள் இல்லை. அதே 1 லட்சத்தை எடுத்துக்கொள்வோம். 2007 இறுதியில் 3 லட்சத்து 47 ஆயிரமாக இருந்தது, 2008 இறுதியில் 1 லட்சத்து 65 ஆயிரமாகிவிட்டது. அந்த நேரம் பார்த்து மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு 50 ஆயிரம் எடுக்க வேண்டி வந்தது. மிச்சம் 1 லட்சத்து 15 ஆயிரம். 2013 இறுதியில் அது 2 லட்சத்து 53 ஆயிரம்தான் ஆகும். எடுத்த 50 ஆயிரத்தைச் சேர்த்தாலும் 3 லட்சத்து 3 ஆயிரம். சென்செக்ஸ் 2008இன் உச்சத்தைத் தாண்டி நிற்கிறது, அவர் கணக்கு இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது. அடியில் விற்ற பங்குகள் ஏற்றத்தில் பங்கெடுக்க முடியாது.

ஆகவே இந்தப் படத்தைப் பார்க்கும்போது பள்ளத்தின் அகலத்தை உங்கள் நாட்காட்டியின் மேல் வைத்துப் பாருங்கள். நாலு வருடத்தில் எடுக்க வேண்டிய பணத்தை, ஆறு வருடம் மூழ்கிக் கிடந்த வழிமுறையில் போடலாமா என்பதற்கு இறுதி வருமானம் பதில் சொல்லாது.

படமும் ஏமாற்றும்

இந்தப் படத்தையும் நம்பத் தகாததாக ஆக்கிவிடலாம். பெரும்பாலும் தெரியாமலே நடக்கும் தவறு, மாதா மாதம் போடும் பணத்தை லாபத்தோடு கலந்துவிடுவது. 1 லட்சம் 10 சதவீதம் இறங்கி 90 ஆயிரம் ஆகிறது. நீங்கள் 15 ஆயிரம் புதிதாகப் போடுகிறீர்கள். கணக்கில் இப்போது 1 லட்சத்து 5 ஆயிரம். எக்ஸல் தாள் இதைப் புதிய உச்சம் என்று எண்ணி ஆழத்தைப் பூஜ்யமாக்கிவிடும். நட்டம் அப்படியேதான் இருக்கிறது. மொத்தத் தொகைக்குப் பதிலாக, மியூச்சுவல் ஃபண்டுகளின் என்.ஏ.வி. போல ஒரு யூனிட்டின் மதிப்பை B நெடுவரிசையில் இட்டால் இந்தப் பிழை வராது.

இன்னொன்று, விற்று முடித்த வர்த்தகங்களை மட்டும் கணக்கில் சேர்ப்பது. நட்டத்தில் ஓடும் பங்கை விற்காமல் வைத்திருக்கும் வரை கோடு ஆடாமல் அசையாமல் நீர்மட்டத்தில் நிற்கும். ஒரு பேக்டெஸ்டின் அண்டர்வாட்டர் சார்ட்டில் பள்ளமே இல்லையென்றால், கையிருப்புப் பங்குகளை அன்றன்றைய விலைக்கு மதிப்பிட்டார்களா என்று கேளுங்கள்.

எதிர்த்திசையிலும் ஒரு திருத்தம் உண்டு. சென்செக்ஸில் டிவிடெண்ட் சேராது. அதைச் சேர்த்தால் பள்ளம் கொஞ்சம் சுருங்கும். விலைவாசியைக் கழித்தாலோ மறுபடி அகலும்.

கடந்த காலத்தின் அகலமான பள்ளமும் ஒரு மாதிரிதான், எல்லை அல்ல. ஜப்பானின் நிக்கெய் குறியீடு 1989 டிசம்பர் 29 அன்று 38,916 புள்ளிகளில் உச்சம் தொட்டது. அதைத் தாண்டிய நாள் 2024 பிப்ரவரி 22. இடையில் 34 ஆண்டுகள்.

வலது ஓரம்

கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம் படத்தின் வலது ஓரம். நாம் தொடங்கிய அதே சோதனையை ஓராண்டு முன்பே, 2012 இறுதியில் நிறுத்தியிருந்தால்? 5,839 புள்ளி 19,427 ஆகியிருக்கும். ஒன்பது ஆண்டுக்குச் சராசரி 14.3 சதவீதம். விற்பனைத் தாளில் 13.7ஐவிட இது பளிச்சென்று தெரியும். ஆனால் அன்று சென்செக்ஸ், ஐந்தாண்டுக்கு முன் 2008 ஜனவரியில் தொட்ட உச்சத்துக்கும் கீழேதான் நின்றது. அந்தப் பள்ளம் முடியாததால், அதன் மீட்சிக் காலம் என்னவென்று அன்று யாராலும் சொல்ல முடிந்திருக்காது. முடிந்த பள்ளங்களை மட்டும் பட்டியலிடும் அறிக்கை என்றால் அதை எண்ணாமலே விட்டிருக்கும்.

எனவே அடுத்த முறை யாராவது ஒற்றை வரியோடு வந்தால், தினசரி மதிப்புகள் உள்ள தாளைக் கேட்டு வாங்கி இரண்டு சூத்திரங்களையும் போடுங்கள். முதலில் D நெடுவரிசையின் கடைசிக் கட்டத்தைப் பாருங்கள். அதில் பூஜ்யம் இல்லையென்றால், அவர் காட்டுவது இன்னும் கரையேறாத ஒரு வழிமுறை.