வரும்போது ஓர் எண், போகும்போது ஓர் எண்

விற்பனை நிறுவனம் ஒன்றில் எட்டுப் பேர். தலைவர் க. அவருக்குக் கீழே ச, ட, த என்று மூன்று பேர். ச-வுக்குக் கீழே ப, ம. ம-வுக்குக் கீழே வ. த-வுக்குக் கீழே ய. இப்படி ஒருவருக்குக் கீழ் ஒருவராகக் கிளை பிரியும் அமைப்பைக் கணினிக்காரர்கள் ‘மரம்’ என்பார்கள். வேர் மேலே, இலைகள் கீழே.

“ச-வும் அவருக்குக் கீழே இருப்பவர்களும் சேர்ந்து எவ்வளவு விற்றார்கள்?” என்று கேட்டால், கணினி அந்தக் கிளை முழுவதும் ஏறி இறங்கிக் கூட்ட வேண்டும். எட்டுப் பேருக்கு அது பெரிய வேலையில்லை. ஆனால் ஒரு லட்சம் பேர் இருந்து, ஒரு லட்சம் முறை கேட்டால் கணினி திணறிவிடும்.

இதற்கான வழி, மரத்தை ஒரே ஒரு முறை முழுதாகச் சுற்றி வருவது. க-விடம் தொடங்கி, ஒரு கிளைக்குள் நுழைந்தால் அதன் அடி வரை போய் முடித்த பிறகே அடுத்த கிளைக்குப் போக வேண்டும். ஒருவரிடம் முதன்முதலில் வரும்போது அடுத்த எண்ணை அவருக்குக் கொடுக்கிறோம். அது நுழைவு எண். அவருடைய கிளையை முடித்துக் கிளம்பும்போது, கடைசியாகக் கொடுத்த எண் எதுவோ அதைக் குறித்துக்கொள்கிறோம். அது வெளியேறும் எண்.

```python
def walk(u):
    global t
    t += 1
    tin[u] = t
    for v in kids[u]:
        walk(v)
    tout[u] = t
```

நம் நிறுவனத்தில் க 1, ச 2, ப 3, ம 4, வ 5, ட 6, த 7, ய 8 என்று நுழைவு எண்கள் விழும். ச-விடமிருந்து கிளம்பும்போது கடைசியாகக் கொடுத்த எண் 5. ஆகவே ச-வின் கிளை என்பது 2 முதல் 5 வரை, நடுவில் வேறு யாரும் இல்லை. ஒரு கிளைக்குள் போனால் முடிக்காமல் வெளியே வருவதில்லை என்பதால், அந்தக் கிளையின் எண்கள் எப்போதும் அடுத்தடுத்தே இருக்கும். மாறாக, மேலிருந்து அடுக்கு அடுக்காக எண் கொடுத்திருந்தால் ச-வின் ஆட்கள் 2, 5, 6, 8 என்று சிதறிப் போயிருப்பார்கள்.

இனி மரமே வேண்டாம். ஆயிரம் ரூபாய்க் கணக்கில் விற்பனையை நுழைவு எண் வரிசையில் எழுதினால் 0, 10, 7, 4, 6, 9, 5, 8. முதலிலிருந்து கூட்டிக்கொண்டே வந்தால் 0, 10, 17, 21, 27, 36, 41, 49. ம-வின் கிளை 4 முதல் 5 வரை. ஐந்தாம் இடத்து 27-இல் மூன்றாம் இடத்து 17-ஐக் கழித்தால் 10. ம விற்றது 4, வ விற்றது 6, கணக்குச் சரி. கிளை எவ்வளவு பெரிதானாலும் ஒரே கழித்தல்தான்.

விற்பனை அடிக்கடி மாறினால் இந்தக் கூட்டுத்தொகைகளை ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டிவரும். அதற்கு 1994-இல் பீட்டர் ஃபென்விக் விவரித்த அமைப்பு உதவும். லட்சம் இடங்கள் இருந்தாலும், ஒரு மாற்றத்துக்கு அதிகம் போனால் சுமார் பதினேழு படிகள்தான்.

பலரும் சறுக்குவது ஓரிடத்தில்தான். விற்பனையை நுழைவு எண்ணின் இடத்தில் வைக்காமல், ஊழியர் பட்டியலில் இருந்த வரிசையிலேயே வைத்துவிடுவார்கள். அப்போது க-வின் மொத்தத்தைச் சரிபார்த்தால் 49 என்று சரியாகவே வரும். எல்லாரையும் கூட்டும்போது வரிசை எப்படி இருந்தால் என்ன? அதனால் சோதனையை இலைகளிடம் வைக்க வேண்டும். கீழே யாரும் இல்லாத வ-வின் கிளை மொத்தம் அவருடைய சொந்த விற்பனையான 6-ஆக வராவிட்டால் எங்கோ பிசகு. வெளியேறும் எண்ணை ஒன்று கூடுதலாகக் கணக்கிட்டிருந்தாலும் பெரும்பாலும் இதே சோதனையில் அகப்படும்.

இன்னொரு சிக்கல், மரம் சங்கிலிபோல நீளும்போது வரும். பைத்தானில் ஒரு செயல் தன்னையே அழைத்துக்கொள்ள வழக்கமான வரம்பு 1000. அதைத் தாண்டினால் மேலே உள்ள நிரல் பிழை காட்டி நின்றுவிடும். போன பாதையை ஒரு பட்டியலில் நாமே வைத்துக்கொண்டு நடந்தால் அந்தத் தொல்லை இல்லை.

விற்பனைத் தொகை எத்தனை முறை மாறினாலும் இந்த எண்கள் தாங்கும். மரத்தின் உருவம் மாறினால் தாங்காது. ம-வை அவருடைய ஆளோடு த-வின் கீழ் மாற்றினால் ச-வின் கிளை 2 முதல் 3 வரை என்று சுருங்கும், ட-வின் எண் 4 ஆகும், த-வின் கிளை 5-இல் தொடங்கும். வருடத்துக்கு ஒரு முறை இடமாற்றம் என்றால் மறுபடி ஒரு சுற்று நடந்து எண்களைப் புதுப்பித்துவிடலாம். நிமிடத்துக்கு நிமிடம் ஆள் மாறும் இடத்தில் இந்த முறை கட்டுப்படியாகாது.