குறைந்த நேரம் – 9: சாலையை எங்கே விடுவது?

போன வாரம் விட்ட கணக்கு இது. நேரான ஒரு தார்ச்சாலை. அதிலிருந்து 8 கிலோமீட்டர் உள்ளே, தரிசு நிலத்தில், ஒரு முகாம். முகாமுக்கு நேர் எதிரே சாலையில் இருக்கும் மைல்கல், நாம் புறப்படும் இடத்திலிருந்து 20 கிலோமீட்டர். ஜீப் சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் ஓடும், தரிசில் 30தான்.

புறப்பட்ட இடத்திலேயே குறுக்கே இறங்கினால் 43 நிமிடம் ஆகும். மைல்கல் வரை சாலையில் போய்த் திரும்பினால் 40 நிமிடம். இரண்டுக்கும் நடுவே இதைவிடக் குறைந்த நேரம் ஒளிந்திருக்கிறது.

அதைக் கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: இன்னும் ஒரு கிலோமீட்டர் சாலையில் போனால் லாபமா, நஷ்டமா? சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு 1.2 நிமிடம் செலவு. பதிலுக்குத் தரிசில் சாய்வாகப் போகும் தூரம் குறையும். மைல்கல்லுக்கு வெகுமுன்னால் அது நிறையக் குறையும். நெருங்க நெருங்கக் கொஞ்சம்தான் குறையும். மைல்கல்லுக்கு 6 கிலோமீட்டர் இருக்கும்போது சாய்வுப் பாதை 10 கிலோமீட்டர். அந்த இடத்தில் வரவு, கிலோமீட்டருக்கு 6/10 பங்கு. தரிசின் வேகத்தில் அதுவும் 1.2 நிமிடம். வரவும் செலவும் சரியாகிவிட்டன. அங்கே இறங்க வேண்டும். மொத்தம் 36.8 நிமிடம்.

கவனியுங்கள், புறப்பட்ட இடத்தின் தூரம் இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை. 20 கிலோமீட்டருக்குப் பதில் 200 கிலோமீட்டர் ஓடி வந்தாலும் அதே 6 கிலோமீட்டருக்கு முன்தான் இறங்க வேண்டும். இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. புறப்படுவதே அந்த 6 கிலோமீட்டருக்குள் என்றால் மட்டும் சாலையை மறந்துவிட்டு நேரே முகாமுக்குப் போகலாம்.

இடம் சற்றுத் தவறினாலும் பெரிய இழப்பில்லை. 2 கிலோமீட்டர் தாண்டி இறங்கினால் ஏறக்குறைய 17 விநாடிதான் கூடும். உண்மையில் ஏமாற்றுவது தரிசின் வேகம். மழை பெய்து சேறாகி, வேகம் 10 ஆகிவிட்டால், இறங்கும் இடம் மைல்கல்லுக்கு 1.6 கிலோமீட்டர் வரை நெருங்கிவிடும்.

அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரையில் டிம் பென்னிங்ஸ் என்ற கணிதப் பேராசிரியர் தன் நாய் எல்விஸுக்குப் பந்தைத் தண்ணீரில் எறிந்து இதே கணக்கைச் சோதித்தார்; கட்டுரை 2003இல் வெளியானது. கரைதான் அதற்குச் சாலை. ஓட்டம் விநாடிக்கு 6.4 மீட்டர், நீச்சல் 0.91 மீட்டர். கணக்குப்படி, பந்து 10 மீட்டர் உள்ளே விழுந்தால், நேர் எதிருக்குச் சுமார் 1.4 மீட்டர் முன்பே குதிக்க வேண்டும். எல்விஸ் பெரும்பாலும் அதை ஒட்டியே குதித்தது.

பேராசிரியர் முதலில் அளந்தது இரண்டு வேகங்களையும்தான். நீங்களும் மெதுவான நிலத்தில் கொஞ்ச தூரம் ஓட்டி, வேகத்தை அளந்த பிறகு இறங்கும் இடத்தைக் குறியுங்கள்.