தடுப்பூசி அட்டை தொலைந்தால்

பள்ளியில் சேர்க்க அடிப்படை ஆவணம் பிறப்புச் சான்றிதழ்தான். ஆனாலும் பல தனியார் பள்ளிகள் தடுப்பூசி அட்டையின் நகலையும் கேட்கின்றன. வீடு மாறும்போது அட்டை தொலைந்துவிட்டதா? அதிலிருந்த தேதிகள் வேறு இடத்திலும் இருக்கும்.

நான்கரை வயதுப் பையன். பிறந்தது அரசு மருத்துவமனையில், முதல் ஊசிகள் பாட்டி ஊரில், பிறகு தனியார் கிளினிக்கில் என்று வைத்துக்கொள்வோம். முதலில் அம்மாவின் கர்ப்பகாலப் பதிவு எண்ணைத் தேடுங்கள். பிக்மி எண் என்பார்களே, அதுதான். அதோடு பாட்டி ஊர் துணை சுகாதார நிலையத்துக்குப் போனால், கிராம சுகாதார செவிலியரின் பதிவேட்டில் தேதிகளைத் தேடலாம். கிளினிக் ஊசிகள் அங்கே இல்லாமல் போகலாம். அவற்றை அந்த டாக்டரிடமே எழுதி, முத்திரையோடு வாங்க வேண்டும்.

தட்டம்மை-ரூபெல்லா ஊசி இரண்டு தவணை. முதலாவது பதிவில் இருக்கிறது, ஒன்றரை வயதில் போட்டது எங்கும் இல்லை. "போட்டோம்னு ஞாபகம் இருக்கு" என்பது கணக்கில் வராது. அந்தத் தவணையை மறுபடி போடுவார்கள். ஏற்கெனவே போட்டிருந்தாலும் கெடுதலில்லை. பதிவில் உள்ளதைத் திரும்பப் போட வேண்டியதில்லை.

இடது கையில் பிசிஜி தழும்பு இல்லையே என்று பதற வேண்டாம். சிலருக்குத் தழும்பு விழாது, ஒரு வயதுக்குமேல் அந்த ஊசியை அரசுத் திட்டத்தில் போடுவதுமில்லை.

புதிய அட்டையில் மருத்துவ அலுவலர் கையெழுத்து இருக்கட்டும். ஞாபகத்திலிருந்து தேதிகளை நிரப்பச் சொல்லாதீர்கள். ஐந்து வயது டிபிடி ஊசிக்கும் அதே அட்டையைத்தான் கொண்டுபோக வேண்டும்.