ஒரு கார்ட், மூன்று கடை, ஒரே பணம்

ஒரு வாடிக்கையாளர் இணையச் சந்தை ஒன்றில் மூன்று பொருள் வாங்குகிறார். ஈரோட்டுப் போர்வை 1,050 ரூபாய். திருப்பூர் டி-ஷர்ட் 840. மணப்பாறை முறுக்கு 210. மொத்தம் 2,100. சந்தை கொடுத்த 100 ரூபாய் கூப்பனைப் போட்டு, கார்டில் 2,000 கட்டுகிறார். அவருக்கு அது ஒரே பணம், ஒரே குறுஞ்செய்தி. ஆனால் விற்றவர்கள் மூன்று பேர். அவர்கள் போக சந்தை நிறுவனமும் இருக்கிறது, அரசும் இருக்கிறது.

பணம் கட்டிய கணமே அது துண்டு துண்டாகி ஆளுக்கொரு வங்கிக் கணக்குக்குப் போய்விடும் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையில் அன்றைக்குப் பிரிவது கணக்கு மட்டும்தான். பணம் ஒரே இடத்தில் கிடக்கும். கமிஷன் மண்டிக்குக் காய் போட்டவர்களுக்கு இது புதிதல்ல. பத்து விவசாயிகளின் தக்காளியை விற்ற காசு ஒரே பெட்டியில் விழும். யாருக்கு எவ்வளவு என்பது சீட்டில் இருக்கும். தேதி வந்ததும் கமிஷனும் கூலியும் போக மீதி கைக்கு வரும்.

அந்தப் பெட்டி யாருடையது என்பதில்தான் இணையச் சந்தை வேறுபடுகிறது. விற்பவர்களுக்குச் சேர வேண்டிய பணத்தை இடைத்தரகர் தன் பணத்தோடு கலந்து புழங்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2009 நவம்பரிலேயே உத்தரவிட்டது. 2020 மார்ச்சில் விதி இன்னும் இறுகியது. பணம் வசூலித்துக் கொடுக்கும் வேலைக்குத் தனி நிறுவனம், தனி அனுமதி, வங்கியில் எஸ்க்ரோ கணக்கு என்றானது. எஸ்க்ரோ என்றால், குறித்த காரியத்துக்கு மட்டும் எடுக்கக்கூடிய பொதுப்பெட்டி. சந்தைக்காரர் அதிலிருந்து தன் ஊழியருக்குச் சம்பளம் போட முடியாது.

இப்போது நம் 2,100 ரூபாயைப் பிரிப்போம். கமிஷன் விகிதம் சந்தைக்குச் சந்தை, பொருளுக்குப் பொருள் மாறும். நம் உதாரணத்துக்குப் போர்வைக்கு 10 சதவீதம், டி-ஷர்ட்டுக்கு 15, முறுக்குக்கு 8 என்று வைத்துக்கொள்வோம். டி-ஷர்ட்டை எடுங்கள். 840 ரூபாயில் துணியின் விலை 800, அதன்மேல் 5 சதவீத ஜிஎஸ்டி 40. கமிஷன் 126 ரூபாய். கமிஷனும் ஒரு சேவைக் கட்டணம் என்பதால் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 22.68. அடுத்து, சந்தை பிடித்து அரசிடம் கட்ட வேண்டிய இரண்டு சிறு தொகைகள் உண்டு. இரண்டும் வரி சேராத 800 ரூபாய் மீது. ஜிஎஸ்டிக்காகப் பிடிக்கும் டிசிஎஸ் 2024 ஜூலையிலிருந்து அரை சதவீதம். அது 4 ரூபாய். வருமான வரிக்கான டிடிஎஸ் 2024 அக்டோபரிலிருந்து 0.1 சதவீதம், அது 80 காசு. எல்லாம் போகத் திருப்பூர்காரர் கணக்கில் வரவு 686.52.

பிடித்த இந்த 4.80 அவருக்கு நஷ்டமல்ல. தன் வரிக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்ளலாம். கழித்துக்கொள்ளத் தெரியாமல் விட்டுவிடும் சிறு வியாபாரிகள் உண்டு. அவர்களுக்கு நஷ்டம்தான்.

இதே முறையில் போர்வைக்காரருக்கு 920.10, முறுக்குக்காரருக்கு 188.98. முறுக்கின் கமிஷனுக்கு ஜிஎஸ்டி போட்டால் 3.024 ரூபாய் வருகிறது. அந்த அரைக் காசுக்கும் குறைவான பின்னத்தை என்ன செய்வது? 100 ரூபாயை மூவருக்குச் சமமாகப் பிரித்தாலும் 33.33 வீதம் 99.99 தானே வரும்? அதனால் விஷயம் தெரிந்தவர்கள் ரூபாயில் எழுதாமல் காசில், முழு எண்ணாக எழுதுவார்கள். ஒரு பங்கைத் தவிர மற்றதைக் கணக்கிட்டுவிட்டு, மிச்சம் எதுவோ அதையே கடைசிப் பங்காக எழுதுவார்கள். ஒரு காசு விடுபட்டால் யாரும் ஏழையாகிவிட மாட்டார்கள். ஆனால் நாளுக்கு லட்சம் ஆர்டர் வரும் இடத்தில் பெட்டியும் பேரேடும் ஒத்துப்போகாது. உண்மையான திருட்டு நடந்தாலும் அந்த இரைச்சலில் தெரியாது.

மூவருக்கும் சேர்த்து 1,795.60. கமிஷன் 247.80, அதன் ஜிஎஸ்டி 44.60, பிடித்த வரி 12. கூட்டினால் 2,100. வாடிக்கையாளர் தந்தது 2,000 தானே? கூப்பன் சந்தையின் செலவு. ஆகவே அந்த 100 அதன் கமிஷனிலிருந்து போகிறது, மிச்சம் 147.80. கார்டுக்கான கட்டணம் 2 சதவீதம் என்றால் 40 ரூபாயும் அதன் ஜிஎஸ்டி 7.20-ம் அதிலிருந்து கழியும். சந்தையின் கையில் நிற்பது 100.60. இலவசமாக அனுப்பினால் கூரியர் செலவுக்கே இது காணாது.

கணக்கில் எழுதிய தொகை உடனே கைக்கு வராது. பொருள் போய்ச் சேர வேண்டும், திருப்பித் தரும் கெடு முடிய வேண்டும். 4-ம் தேதி டெலிவரி, ஏழு நாள் கெடு என்றால் 11-ம் தேதி வரை அது 'நிறுத்தி வைத்த' தொகை. அதன்பிறகு 'தரத்தக்க' தொகையாக மாறி, வாரம் ஒருமுறை போகும் பட்டியலில் சேரும். கெடு முடியும்வரை நிறுத்தி வைப்பதாக ஒப்பந்தம் இருந்தால், முடிந்த மறுநாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2020 விதி சொன்னது.

டி-ஷர்ட் அளவு சரியில்லை என்று 9-ம் தேதி திரும்பி வருகிறது என்போம். எத்தனை திருப்பித் தர வேண்டும்? 840 என்றால் தவறு. கூப்பனில் இந்தச் சட்டையின் பங்கு 40. வாடிக்கையாளர் இதற்காகக் கட்டியது 800 மட்டுமே. வாங்கிய அன்றே கூப்பனைப் பொருள் வாரியாகப் பிரித்து எழுதியிருந்தால்தான் இது தெரியும். இன்னொரு கண்ணியும் உண்டு. இடையில் சந்தை டி-ஷர்ட் கமிஷனை 17 சதவீதமாக்கியிருக்கலாம். ரிட்டர்ன் வந்ததும் நிரல் இன்றைய விகிதத்தில் புதிதாகக் கணக்குப் போட்டால் விற்றவருக்கு 142.80 திரும்பும். பிடித்ததோ 126. 16.80 ரூபாயும் அதற்கான வரியும் சும்மா போகிறது. அன்று எழுதிய அதே வரிகளை அப்படியே எதிர்ப்பதிவு செய்வதே சரியான வழி. தவறைக் கண்டுபிடிப்பதும் எளிது: திரும்பி வந்த பொருளின் எல்லா வரிகளையும் கூட்டினால் பூஜ்யம் வர வேண்டும். வராவிட்டால் எங்கோ யாரோ மறுபடி கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

விற்றவருக்குப் பணம் போய்ச் சேர்ந்தபின் ரிட்டர்னை ஏற்க நேர்ந்தால் சிக்கல் பெரிது. அவர் கணக்கு 686.52 கழிவில் நிற்கும். அடுத்த விற்பனையில் பிடிக்கலாம். அடுத்த விற்பனையே இல்லையென்றால்? பொதுப்பெட்டியில் பணம் இருக்கிறது, ஆனால் அது போர்வைக்காரருடையது. அதை எடுத்துக் கொடுத்தால் பெட்டி நிறைந்திருக்கும்போதே ஓட்டை விழுந்துவிடும். அந்தப் பணத்தைச் சந்தை தன் கையிலிருந்து போட வேண்டும். புதிய விற்பனையாளரின் தொகையில் ஒரு பகுதியைச் சில வாரம் பிடித்து வைப்பது இதற்காகத்தான்.

கடைசிப் படியான பட்டுவாடாவிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. முறுக்குக்காரருக்கு 188.98 அனுப்பச் சொல்லியாகிவிட்டது. வங்கியிடமிருந்து பதில் வரவில்லை. போகவில்லை என்று எண்ணி மறுபடி அனுப்பினால் இரண்டு தடவை போய்விடலாம். அதனால் ஒவ்வொரு பட்டுவாடாவுக்கும் முதலிலேயே ஒரு எண் கொடுத்து, எத்தனை முறை கேட்டாலும் அதே எண்ணைச் சொல்லிக் கேட்பார்கள். ஏற்கெனவே பார்த்த எண் என்றால் எதிர்முனை இரண்டாவது தடவை பணம் அனுப்பாது. பழைய முடிவையே சொல்லும்.

விற்பவராக நீங்கள் இருந்தால் வாரப் பட்டியலின் மொத்தத்தை வங்கி வரவோடு ஒப்பிட்டால் மட்டும் போதாது. வங்கி தரும் யுடிஆர் எண்ணைப் பட்டியலில் தேடுங்கள். அதன்கீழ் ஒவ்வொரு ஆர்டருக்கும் விலை, கமிஷன், கமிஷனுக்கான வரி, இரண்டு பிடித்தம், ரிட்டர்ன் எனத் தனித்தனி வரி இருக்க வேண்டும். 'இதர சரிக்கட்டல்' என்று ஒரே வரியில் ஒரு தொகை இருந்தால், அது எந்த ஆர்டருக்கு என்று எழுதிக் கேளுங்கள்.