ஏலக்காய்ப் பாக்கியும் எதிர்பார்க்கப்படும் இழப்பும்

இடுக்கி மாவட்டத்தின் புற்றடியிலும் மலைக்குக் கீழே போடிநாயக்கனூரிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் மின் ஏலங்கள் நடைபெறுகின்றன. அங்கே சரக்கெடுக்கும் வணிகர்கள் அதைப் பெரும்பாலும் வெளியூர் மொத்த வியாபாரிகளுக்குக் கடனுக்கு விற்கின்றனர். மார்ச் 31 அன்று அவர்களது ஏட்டில் நிற்கும் பாக்கி முழுவதும் பணமாக வந்து சேருமா? வராமற்போகக்கூடிய பகுதியை எவ்வாறு கணிப்பது?

முன்பெல்லாம் ஒரு வியாபாரி நொடித்த செய்தி வந்த பின்னரே அவரது பாக்கிக்கு ஒதுக்கீடு செய்வது வழக்கம். இந்தியக் கணக்கியல் தரம் 109 இம்முறையை மாற்றியது. இத்தரத்தின்படி, பட்டியல் எழுதிய நாளிலிருந்தே, தவணை தவறாத பாக்கிக்கும்கூட, எதிர்பார்க்கப்படும் இழப்பைக் கணக்கில் காட்ட வேண்டும். பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்களையும், 250 கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்புள்ள நிறுவனங்களையும் இது பொதுவாகக் கட்டுப்படுத்தும். சிறு வணிகருக்குக் கட்டாயமில்லை எனினும், கணக்கிடும் முறை அவருக்கும் பயன்படும்.

விகிதம் பிறக்கும் இடம்

ஒதுக்கீட்டு விகிதத்தை ஊகமாக நிர்ணயிக்கலாகாது. அது நமது பழைய ஏட்டிலிருந்தே வர வேண்டும். கட்டப்பனை வணிகர் ஒருவரைக் கற்பனையாகக் கொள்வோம். அவர் ஓராண்டில் 1,000 லட்சம் ரூபாய்க்குக் கடன் விற்பனை செய்தார். அதில் 400 லட்சம் தவணை நாளைத் தாண்டியது. 160 லட்சம் 30 நாளையும், 80 லட்சம் 60 நாளையும், 40 லட்சம் 90 நாளையும் தாண்டின. இறுதியில் வராமலே போனது 10 லட்சம்.

இந்த 10 லட்சத்தை ஒவ்வொரு கட்டத்தையும் எட்டிய தொகையால் வகுத்தால் அக்கட்டத்தின் விகிதம் கிடைக்கும். 1,000-இல் 10 என்பது 1 சதவீதம். 400-இல் 10 என்பது 2.5 சதவீதம். பாக்கிக்கு வயது ஏற ஏற விகிதமும் ஏறுவதன் காரணம் இதுவே. இவ்விகிதங்களை இவ்வாண்டு இறுதிப் பாக்கியான 100 லட்சத்துக்குப் பொருத்துவோம்.

| பாக்கியின் வயது | தொகை (லட்சம் ரூ.) | விகிதம் | ஒதுக்கீடு (லட்சம் ரூ.) |
|---|---|---|---|
| தவணைக்குள் | 50 | 1% | 0.50 |
| 1–30 நாள் கடந்தது | 24 | 2.5% | 0.60 |
| 31–60 நாள் | 16 | 6.25% | 1.00 |
| 61–90 நாள் | 8 | 12.5% | 1.00 |
| 90 நாளுக்கு மேல் | 2 | 25% | 0.50 |
| மொத்தம் | 100 | | 3.60 |

வருங்காலத்தைச் சேர்த்தல்

பழைய விகிதம் பழைய காலத்துக்கே பொருந்தும். 2018 ஆகஸ்டு வெள்ளத்துக்குப் பின் விளைச்சல் குன்றி, 2019 ஆகஸ்டில் ஏலக்காயின் உச்ச விலை கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. சில ஆண்டுகளிலேயே ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. விலை ஏறும்போது சரக்கு வாங்கியவர் இலாபத்தில் விற்றுப் பாக்கியைத் தீர்த்துவிடுவார். விலை சரியும்போது, அதிக விலைக்கு வாங்கிய சரக்கு அவரது கிடங்கில் தேங்கும். பாக்கியும் அதனுடன் தேங்கும். ஆகவே ஏறுமுக ஆண்டின் விகிதத்தை இறங்குமுக ஆண்டில் அப்படியே எடுத்தாளலாகாது. முந்தைய சரிவில் இழப்பு ஒன்றரை மடங்கானதை ஏடு காட்டுமாயின், அதே அளவில் விகிதங்களை உயர்த்தலாம், ஒதுக்கீடு 3.60 லட்சத்திலிருந்து 5.40 லட்சமாகும். உயர்த்தியதன் காரணத்தை எழுதி வைத்தல் வேண்டும். தணிக்கையாளர் முதலில் கேட்பது அதுவே.

எல்லா வாடிக்கையாளரையும் ஒரே அட்டவணையில் அடைப்பதும் தவறு. பாலக்காட்டின் கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையிலிருந்து அரசுத் துறைக்குப் பொருள் வழங்குபவருக்குப் பணம் தாமதமாக வரலாம். ஆயினும் தாமதம் வேறு, இழப்பு வேறு. அத்தகைய பாக்கிக்குத் தனி அட்டவணை வேண்டும். நொடித்துவிட்டதாகத் தெரியும் வியாபாரியின் பாக்கியையோ அட்டவணையிலிருந்தே எடுத்துத் தனியாக மதிப்பிட வேண்டும்.

வயது பொய்யாகும் இடம்

பட்டியலின் வயதைப் பட்டியல் நாளிலிருந்து எண்ணுவதா, தவணை நாளிலிருந்து எண்ணுவதா என்பதில் குழப்பம் கூடாது. மேற்கண்ட அட்டவணை தவணை நாளிலிருந்து எண்ணப்பட்டது. அதனினும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. தரம் குறைவு எனக் கூறி ஒருவர் நவம்பர் மாதத்துப் பட்டியல் ஒன்றை நிறுத்திவைத்துவிட்டு, பின்னர் வந்தவற்றுக்கு ஒழுங்காகப் பணம் அனுப்புகிறார். வரும் தொகையைப் பழைய பட்டியலுக்கே முதலில் வரவு வைத்தால், தகராறிலுள்ள நவம்பர்ப் பாக்கி தீர்ந்ததுபோல் மறைந்து, புதிய பட்டியல்கள் நிலுவையாகத் தோன்றும், ஒதுக்கீடு குறைந்துவிடும். பட்டியல் வாரியாக வரவு வைப்பதும், ஆண்டு இறுதியில் எந்தப் பட்டியல் நிலுவை என வாடிக்கையாளரிடம் எழுத்தில் உறுதி பெறுவதும் இதனை வெளிக்கொணரும்.

ஒதுக்கீடு செய்த தொகைக்கு வருமான வரியில் உடனே கழிவு கிடைக்காது. வாராக்கடனாகப் பதிவழித்த ஆண்டிலேயே அதைக் கோரலாம். வங்கியும் நடைமுறை மூலதனக் கடனுக்கான பண எடுப்பு வரம்பைக் கணக்கிடும்போது பழைய பாக்கியை, வழக்கமாக 90 நாளுக்கு மேற்பட்டதை, கழித்தே பார்க்கிறது. எனவே மாதந்தோறும் வங்கிக்கு அனுப்பும் பாக்கிப் பட்டியலும், ஒதுக்கீட்டுக்கு அடிப்படையான வயது அட்டவணையும் ஒரே ஏட்டிலிருந்து, ஒரே முறையில் எடுக்கப்பட்டனவா என்று சரிபார்த்துக்கொள்வது நலம்.