மாவுக்கு ஒரு வெதுவெதுப்பான பெட்டி

ஊட்டியில் மார்கழி இரவில் அரைத்து வைத்த தோசைமாவு, விடிந்தும் வைத்த மட்டத்திலேயே கிடக்கும். ஒரு மரப்பெட்டி, 40 வாட் குண்டு பல்பு, பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய சின்ன ஃபேன், 30 டிகிரியில் வைத்த தெர்மோஸ்டாட் இருந்தால் போதும். ஃபேன் இல்லாவிட்டால் பல்பு பக்கத்து மாவு புளித்துவிடும்; எதிர்ப்பக்கம் தூங்கும்.

சென்சாரை மாவுக்குள் முக்குவதுதான் வழக்கமான தப்பு. மாவு மெதுவாகவே சூடேறும். அது 30-ஐத் தொடுவதற்குள் பெட்டிக் காற்று எக்கச்சக்கமாகச் சூடாகி, பாத்திரத்தின் ஓரத்து மாவு கெட்டுவிடும். சென்சார் பாத்திரத்தின் அருகே காற்றில் தொங்கட்டும். ஃபேன் காற்று நேராகப் பட்டால் மேலே ஏடு கட்டும் என்பதால் தட்டால் மூடுங்கள். பாதிப் பாத்திரம்தான் ஊற்ற வேண்டும். எங்கள் வீட்டில் ஒருநாள் பொங்கி வழிந்து பல்பில் தோசையே சுட்டுவிட்டது.